"டேப்லட்" என்று தேடினான், மாத்திரை வந்து நின்றது

தங்கச்சி பையனுக்கு 11 வயது. ஆன்லைன் டியூஷனுக்கு ஒரு டேப்லட் வாங்கித் தருவதாக நான் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேன். எந்த மாடல் என்று பார்க்க அவன் அம்மா போனை எடுத்து, தேடும் இடத்தில் tablet என்று அடித்திருக்கிறான். வந்ததெல்லாம் "3 tablet potten", "tablet potta vomit varudhu", "tablet strip photo anuppu". வரிசையாக 2022-ஆம் வருடத்துக் கதை. சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். "ணா, உனக்கு டிபி இருந்துச்சாம்மான்னு கேக்குறான். பக்கத்துல அத்தை உக்காந்துருக்காங்க."

பையனிடம் அவளே சொல்லிவிட்டாள், "இருந்துச்சு, சரியாயிடுச்சு" என்று. மாமியார் விஷயம் வேறு. அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் மருந்து முடியும் வரை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்து சிகிச்சை எடுத்தாள். ஆகவே "எல்லாத்தையும் அழிச்சுக் குடுணா" என்றாள். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. எங்கெங்கே சறுக்கினேன் என்பதோடு எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிறு புது வண்ணாரப்பேட்டையில் அவள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். என்னோடு நடந்த சாட்டைத் திறந்து `Clear chat` அழுத்தப் போனேன். விரல் நின்றது. அழிக்கும் முன் இதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் ஆகியிருக்கும்.

அவளுக்கு நுரையீரல் காசநோய். 2022 பிப்ரவரி நடுவில் மருந்து ஆரம்பித்தது. எடை 47 கிலோ, அதனால் நாலு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை தினம் மூன்று. அஞ்சாவது வாரம் வாந்தி, பசியே இல்லை, கண் மஞ்சள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 412 இருந்தது. சாதாரணமாக 40-க்குள் இருக்க வேண்டியது. எல்லா மாத்திரையையும் நிறுத்தி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அளவு இறங்கிய பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். முதலில் ரிஃபாம்பிசினும் எதாம்பியூட்டாலும், ஒரு வாரம் கழித்து ஐசோனியசிட். பைரசினமைட் திரும்பக் கொடுக்கவே இல்லை. அது இல்லாததால் ஆறு மாதத்தோடு முடியாமல் 2023 ஜனவரி வரை இழுத்தது.

இதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது ஒரே ஒரு வரிதான்: காசநோய் மருந்தால் கல்லீரல் அழற்சி. எந்த மருந்தை எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பித்தார்கள், எதை விட்டார்கள் என்பது ஓபி சீட்டில் கிறுக்கலாக இருந்து, அந்தச் சீட்டும் தொலைந்துவிட்டது. முழு விவரமும் இருப்பது அவள் தினமும் எனக்குத் தட்டிய வாட்ஸ்அப் செய்தியில் மட்டும்தான். நாளைக்கு நோய் திரும்பி வந்தாலோ, வேறு காரணத்துக்குக் கல்லீரல் பரிசோதனை செய்தாலோ, டாக்டர் முதலில் கேட்கப் போவது இதைத்தான். நாங்கள் அழிக்க நினைத்த சாட்டேதான் அவளுடைய மருத்துவ ஆவணம்.

அதனால் வேலையின் வரிசை மாறியது. எடுக்க வேண்டியதை முதலில் எடுக்கணும், எடுத்தது சரியா என்று பார்க்கணும், அப்புறம்தான் அழிக்கணும்.

எடுப்பதில் முதல் சறுக்கல். அவள் போனில் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி, `More`, `Export chat`, `Include media`. பெரிய ஜிப் ஒன்று வந்தது. படம், பிடிஎஃப், வாய்ஸ் நோட் எல்லாம் உள்ளே இருந்தன. திருப்தியாக இருந்தது. லேப்டாப்பில் விரித்து, உள்ளே இருக்கும் டெக்ஸ்ட் கோப்பின் முதல் வரியைப் பார்த்தேன்.

```
head -n 1 chat.txt
```

2023 நவம்பர் என்று காட்டியது. சிகிச்சை முடிந்தே பத்து மாதம் ஆன தேதி! மீடியாவோடு ஏற்றுமதி செய்தால் கடைசி 10,000 செய்தியோடு வாட்ஸ்அப் நிறுத்திக்கொள்கிறது. "இதற்கு முன்னால் விட்டுவிட்டேன்" என்று ஒரு எச்சரிக்கையும் கிடையாது. எங்கள் சாட்டில் 23,000-க்கு மேல். நான் மட்டும் அந்த ஜிப்பை நம்பி அங்கேயே அழித்திருந்தால், வேண்டாததை எல்லாம் பத்திரப்படுத்திவிட்டு வேண்டியதைத் தொலைத்திருப்பேன். ஏற்றுமதி சரியாக வந்ததா என்று அறிய ஒரே சோதனை, முதல் வரியின் தேதி.

மீடியா இல்லாமல் ஏற்றுமதி செய்தால் வரம்பு 40,000. அப்படி எடுத்ததில் 2020-லிருந்து முழுசும் வந்தது. ஆனால் படம் இருந்த இடத்தில் எல்லாம் `<Media omitted>` என்று மட்டும் இருக்கும், கோப்பின் பெயர் வராது. அதற்கு வழி, போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி மீடியாவைத் தனியாக எடுப்பது. ஆண்ட்ராய்டில் அது இங்கே இருக்கிறது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/
```

இதற்குள் `WhatsApp Images`, `WhatsApp Documents`, `WhatsApp Voice Notes` என்று தனித்தனிக் கோப்புறைகள். பெயரிலேயே தேதி இருப்பதுதான் நல்ல காலம். `IMG-20220318-WA0011.jpg` என்றால் 2022 மார்ச் 18 அன்று வந்த படம். டெக்ஸ்டில் அதே தேதியில் `<Media omitted>` எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பொருத்திக்கொண்டோம். ஒரு எச்சரிக்கை: அந்தத் தேதி படம் அனுப்பிய தேதி, ரிப்போர்ட்டின் தேதி இல்லை. சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சிபிநாட் பரிசோதனை ரிப்போர்ட்டை அவள் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறாள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தாளில் அச்சாகியிருக்கும் தேதியையே வைத்தேன்.

இன்னொன்று. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். கல்லீரல் ரிப்போர்ட் ஒன்றில் 4.1-ஆ 1.1-ஆ என்றே தெரியவில்லை. நல்லவேளை, அதன் தாள் அம்மா பீரோவில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. 4.1-தான். தாள் கிடைத்ததை எல்லாம் புதிதாக ஸ்கேன் செய்தோம், கிடைக்காததற்கு மட்டும் வாட்ஸ்அப் படம்.

கடைசியில் வைத்துக்கொண்டது 14 கோப்புகள். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று சொல்லும் சிபிநாட் ரிப்போர்ட், நெஞ்சு எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, அரசின் காசநோய்ப் பதிவு எண்ணான நிக்ஷய் எண் உள்ள சிகிச்சை அட்டை, சிகிச்சை முடிந்ததற்கான சீட்டு, மிச்சமெல்லாம் ரத்தப் பரிசோதனைகள். மாத்திரைப் பட்டையின் படம், சளி டப்பாவின் படம், மஞ்சள் கண்ணை அருகில் எடுத்த செல்ஃபி எதையும் வைக்கவில்லை. கண் படத்தை வைக்கலாமா என்று யோசித்தோம். "பிலிருபின் நம்பர் இருக்குல்ல, அப்புறம் என் மூஞ்சி எதுக்கு" என்றாள். சரியான பேச்சு.

பதினைந்தாவது கோப்பு நாங்களே எழுதியது, ஒரு ஏ4 பக்கம். சாட்டில் இருந்து தேதி வாரியாக: மருந்து ஆரம்பித்த நாள், வாந்தி தொடங்கிய நாள், நிறுத்திய நாள், எந்த மருந்து எப்போது திரும்ப ஆரம்பித்தது, ஒவ்வொரு தடவையும் எஸ்ஜிபிடி எவ்வளவு. வாய்ஸ் நோட்டில் மட்டும் இருந்த இரண்டு தேதிகளைக் கேட்டு எழுதினோம். வாய்ஸ் நோட் கோப்புறைகள் வருடமும் வார எண்ணுமாகப் பிரிந்திருக்கும். அந்த இரண்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம். அவள் குரல் அவ்வளவு களைத்துப்போய் இருந்ததை மறந்தே போயிருந்தேன். அவள் கேட்கவில்லை, கீழே காபி போடப் போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தை அடுத்த வாரம் அவளுடைய டாக்டரிடம் காட்டினாள். அவர் ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டு ஒரு இடத்தைத் திருத்தினார். "பைரசினமைட் அலர்ஜி" என்று நாங்கள் எழுதியிருந்தோம். அது அலர்ஜி இல்லை, கல்லீரல் பாதிப்பு, அதுவும் திரும்பக் கொடுத்துப் பார்க்காததால் அந்த மருந்துதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, "திரும்பத் தரப்படவில்லை" என்று மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சாட்டை அப்படியே வைத்திருந்தால் இந்தத் தெளிவு வந்திருக்காது.

இடையில் இரண்டாவது சறுக்கல், ஜெராக்ஸ் கடை. எங்கள் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், அதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். பழக்க தோஷத்தில் 15 கோப்பையும் அனுப்பிவிட்டேன். 23 பக்கம், பக்கம் 3 ரூபாய், 69 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று அழிக்கக் கிளம்பி, தங்கச்சி பெயரோடு சிபிநாட் ரிப்போர்ட்டைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அனுப்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பதால் `Delete for everyone` வேலை செய்தது. அதற்கான கால வரம்பு இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் அது செய்தியை மட்டும்தான் அழிக்கும். கடையில் வாட்ஸ்அப் வெப் வழியாகக் கம்ப்யூட்டரில் இறக்கிய பிரதி அப்படியே இருக்கும். திரும்பப் போனேன். கடைப் பையனிடம் "தம்பி, டவுன்லோட்ஸ் கொஞ்சம் திற" என்றேன். திறந்தான். எங்கள் 15 கோப்புகள் மேலேயே இருந்தன. அதற்குக் கீழே ஊர்க்காரர்களின் ஆதார், பத்திரம், மார்க் ஷீட், யாருடையதோ ஸ்கேன் ரிப்போர்ட், எத்தனை மாதமாகவோ. எங்களுடையதைத் தேர்ந்தெடுத்து அழித்தான். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னேன். "யாருண்ணா இதெல்லாம் பாக்கப் போறா" என்று சிரித்தான். அடுத்த தடவை பென் டிரைவ்கூடக் கொண்டு போகமாட்டேன். வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் நண்பன் இருக்கிறான், அங்கே போவேன்.

பாதுகாப்புக்கு என்ன செய்தோம் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தாள்கள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், எங்கள் அம்மா பீரோவில். 32 ஜிபி பென் டிரைவ் இரண்டு, ஒன்று 380 ரூபாய். ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். அதில் கடவுச்சொல் போட்ட ஒரே கோப்பு:

```
7z a -p -mhe=on kaagidham.7z kaagidham/
```

`-mhe=on` இல்லாமல் செய்தால் கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே உள்ளே உள்ள கோப்புப் பெயர்கள் தெரியும். `2022-02-14_CBNAAT.pdf` என்ற பெயரே போதும், எல்லாம் சொல்லிவிடும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன், திறந்து பார்த்தபோது பல்லிளித்தது. தாளுக்கு மட்டும் பூட்டு எதுவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் அம்மா கையில் எடுக்கப்போவது ஃபைலைத்தான், கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொண்டு இருக்க முடியாது.

இரண்டாவது ஞாயிறு அழிப்பு. இங்கே அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்தச் சாட்டில் பையன் முதல் பள்ளிக்கூடம் போன நாள், அப்பா கடைசியாக அனுப்பச் சொல்லி நான் பதிவு செய்த வாய்ஸ் நோட் எல்லாம் இருக்கிறது. முழுசும் போகக் கூடாது. சிகிச்சைக் காலம் மட்டும் போகணும்.

வாட்ஸ்அப்பில் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அழி" என்று செய்ய எனக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு 4,000 செய்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே தலைகீழாகச் செய்தோம். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு நட்சத்திரம் போட்டோம், 71 வந்தது. பிறகு `Clear chat`. அதில் நட்சத்திரம் போட்டதையும் அழிக்கவா என்று கேட்கும் குறியை எடுத்துவிட்டு, மீடியாவையும் போனிலிருந்து அழி என்ற குறியை மட்டும் வைத்தோம். என் போனிலும் அதே வேலை. ஒரு பக்கம் அழித்தால் மறு பக்கம் போகாது, பழைய செய்திக்கு அந்த இரண்டு நாள் வரம்பு எப்போதோ முடிந்துவிட்டது.

மிச்சப் பேச்சை டெக்ஸ்டாகவாவது வைத்துக்கொள்ளலாம் என்று, ஏற்றுமதி செய்த கோப்பிலிருந்து 2022 பிப்ரவரி முதல் 2023 ஜனவரி வரை வெட்ட நினைத்தேன். `grep -v` போட்டு அந்தத் தேதியில் தொடங்கும் வரிகளை நீக்கினேன். சுலபமாக முடிந்தது. சந்தேகத்துக்கு 412 என்று தேடினேன். இருந்தது! "SGPT 412" என்று தனியாக, தேதி இல்லாமல், ஆளில்லாமல் நின்றது. காரணம் எளிது. ஒருவர் ஒரே செய்தியில் என்டர் தட்டித் தட்டி நாலு வரி எழுதினால், ஏற்றுமதியில் முதல் வரிக்கு மட்டும்தான் தேதி இருக்கும். மற்ற மூன்றும் வெறும் வரி. தங்கச்சி ரிப்போர்ட் எண்களை எல்லாம் அப்படித்தான் எழுதுவாள். முதல் வரியை மட்டும் நீக்கினால், மறைக்க வேண்டியதுதான் மிச்சம் நிற்கும். தேதி உள்ள வரியைப் பார்த்ததும் முடிவு செய்து, அடுத்த தேதி வரும் வரை அதே முடிவில் இருக்கச் சொல்ல வேண்டும்:

```
awk '/^[0-9]+\/[0-9]+\/[0-9]+, / {
  s = ($0 ~ /^[0-9]+\/(0[2-9]|1[0-2])\/22|^[0-9]+\/01\/23/)
} !s' chat.txt > meedhi.txt
```

இது அவள் போனில் தேதி நாள், மாதம், வருடம் என்று இருந்ததற்கு எழுதியது. போனின் அமைப்புக்குத் தக்கபடி அந்த வரிசை மாறும், முதல் வரியைப் பார்த்துவிட்டு எழுதணும்.

அந்தக் காலத்துக்கு வெளியிலும் பேச்சு உண்டு. 2024-ல் இருமல் வந்தபோது "பழசு திரும்பிடுச்சோ" என்று பயந்திருக்கிறாள். அதைத் தேடப்போனால் எழுத்துக்கூட்டல் பிரச்சினை. நாங்கள் பேசுவது தமிழ், தட்டுவது ஆங்கில எழுத்து. மாத்திரை என்பதற்கு மட்டும் mathirai, maathirai, mathra, maatra என்று நாலு விதம் அகப்பட்டது. சளிக்கு sali, chali. tb என்று தேடினால் football எல்லாம் வந்தது, பையன் புண்ணியம். அதற்கு மட்டும் `-w` போட்டு முழுச் சொல்லாகத் தேடினேன்.

```
grep -n -i -E "tablet|மாத்திரை|ma+th?i?ra|[sc]h?ali|sputum|sgpt" meedhi.txt
grep -n -i -w "tb" meedhi.txt
```

38 இடம் வந்தது. கையால் பார்த்து 20-ஐ நீக்கினேன். மிச்சம் அம்மாவின் சர்க்கரை மாத்திரை, வைஷாலி என்ற பக்கத்து வீட்டுப் பெண். பட்டியல் வார்த்தைகளால் எல்லாம் பிடிபடும் என்று நினைக்க வேண்டாம். "அந்த ஆரஞ்சு" என்று நாங்கள் சொன்னது ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் நிறம் மாறுவதை. எந்தத் தேடலிலும் அது வரவில்லை, அவள் படித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

அழித்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் எங்கே மிச்சம் இருந்தது என்பது மூன்றாவது ஞாயிறு. மறுபடி யுஎஸ்பி கேபிள். `WhatsApp Images` கோப்புறைக்குள் `Sent` என்று ஒன்று. மீடியாவையும் அழி என்று குறி வைத்தது வந்த படங்களுக்குத்தான். அவள் அனுப்பிய படங்களின் பிரதி அதில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கண் செல்ஃபி உட்பட. கோப்புப் பெயரில் 2022 இருப்பதைப் பார்த்துக் கையால் அழித்தேன்.

அடுத்தது பேக்கப். போனை மாற்றி, புதிதாக வாட்ஸ்அப் போட்டு மீட்டெடுத்தால் அழித்தது எல்லாம் திரும்பி வந்துவிடும், பேக்கப் பழையதாக இருந்தால். ஆகவே அழித்த உடனே `Settings`, `Chats`, `Chat backup` போய்ப் புதிதாக ஒரு பேக்கப் எடுத்தோம். கூகுள் கணக்கில் இருப்பதன் மேல் அது ஏறிக்கொள்ளும். போனுக்குள்ளேயே `Databases` என்ற கோப்புறையில் கடைசி ஏழு நாளின் பிரதிகள் `msgstore-` என்று தேதியோடு இருக்கும். தினம் நள்ளிரவு இரண்டு மணிக்குப் புதிது வந்து பழையது போகும். அழிக்க அவசரப்படவில்லை. எட்டு நாள் விட்டுப் பார்த்தேன், எல்லாத் தேதியும் அழிப்புக்குப் பிந்தையதாக மாறியிருந்தது.

கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்கள் தானாக ஏறும்படி எப்போதோ அமைத்திருந்தாள். அங்கேயும் 2022-ஐ அழித்தோம். பேக்கப் ஆனது குப்பையில் 60 நாள் இருக்கும், குப்பையையும் காலி செய்ய வேண்டும். போட்டோஸ் செயலியில் அழித்தால் போனில் இருக்கும் மூலப்படமும் சேர்ந்து போகும் என்பதால்தான், பென் டிரைவ் வேலை முடியும் வரை இதில் கை வைக்கவில்லை.

கூகுள் கீப்பில் அவள் மாத்திரைக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தாள், எனக்கும் பகிர்ந்தது. அவள்தான் உரிமையாளர் என்பதால் அவள் அழித்ததும் என் பக்கமும் போனது. கீப் குப்பை ஏழு நாளில் தானாகக் காலியாகும். நான் மறந்தது வேறு. போன வருடம் அவள் போன் மாற்றியபோது நானே அவளுக்குக் கூகுள் டேக்அவுட்டில் குறிப்பு எல்லாம் இறக்கிக் கொடுத்தேன். என் லேப்டாப் டவுன்லோட்ஸில் `takeout-` என்று தொடங்கும் ஜிப் ஒன்று, அதை விரித்த கோப்புறை ஒன்று. அதில் ஒவ்வொரு குறிப்பும் `.html` ஒன்று, `.json` ஒன்று என்று இரட்டையாக இருக்கும். ஒரே குறிப்புக்கு நாலு பிரதி என் வீட்டிலேயே. முதல் ஞாயிறு நான் எடுத்த அந்தப் பாதி ஏற்றுமதி ஜிப்பும் மின்னஞ்சலில் எனக்கே அனுப்பியதாக இருந்தது, அவளுடைய அனுப்பிய பெட்டியிலும் என் வந்த பெட்டியிலும். அழிக்க வந்தவன் பெருக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

முடியாமல் போனது குடும்பக் குரூப். அதில் ஒன்பது பேர். 2022 மார்ச்சில் "பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி" என்று அம்மா போட்ட இரண்டு செய்தியும் ஒரு வாய்ஸ் நோட்டும் எட்டுப் போனில் இருக்கின்றன. குரூப் நிர்வாகி நான்தான், ஆனாலும் பழசை எல்லோருக்கும் அழிக்க முடியாது. சித்தி போனை வாங்கி அழித்தேன். மற்றவர்களைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்வதே புதுச் செய்தி ஆகிவிடும். விட்டுவிட்டோம்.

அடுத்த தடவை இப்படி ஏதாவது வந்தால், இரண்டே பேருக்கு ஒரு தனிக் குரூப், 90 நாளில் தானாக மறையும்படி. ரிப்போர்ட் வந்த அன்றே தாளாக ஃபைலுக்குள். வாரம் ஒரு தடவை, என்ன மருந்து, என்ன எண் என்று ஒரு நோட்டில் நாலு வரி. மறையும் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு நோட்டை விட்டுவிட்டால் 91-ஆவது நாள் எஸ்ஜிபிடியும் மறைந்துவிடும்.

நேற்று அவள் போனில் tablet என்று தேடிப் பார்த்தோம். மூன்று வந்தது. ஒன்று நான் பையனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது. இன்னொன்று "மாமா tablet eppo" என்று அவன் கேட்டது. மூன்றாவது அவள் வீட்டுக்காரரோடு பேசியது, "tablet theendhuduchu, vaangittu vaanga" என்று. நான் அழிக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்ணா" என்றாள். "அது இரும்புச்சத்து மாத்திரை. இன்னும் வாங்கிட்டு வரல."